மெயில் ஐடி லீக் ஆகியிருக்கு, எந்த பாஸ்வேர்டை முதல்ல மாத்தணும்?

மாடிவீடு | மார்ச் 3, இரவு 9.12

haveibeenpwned.com-ல அப்பாவோட ஜிமெயில் ஐடியைப் போட்டுப் பார்த்தேன். நாலு இடத்துல லீக் ஆகியிருக்குன்னு வருது. ஒரு மளிகை ஆப், ஒரு வேலை தேடுற தளம், தங்கச்சி கல்யாணப் பத்திரிகை டிசைனுக்காக ஆரம்பிச்ச ஒரு தளம், நாலாவதா Collection #1-னு ஏதோ ஒண்ணு. அப்பா எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வெச்சிருக்கார், கடைசி ரெண்டு நம்பர் மட்டும் அங்கங்க மாறும்.

இன்னிக்கு ராத்திரி உக்காந்து இந்த நாலையும் வரிசையா மாத்திடலாம்னு இருக்கேன். ஆனா அந்த நாலாவது என்ன தளம்னே தெரியல. அங்க எப்படி லாகின் பண்ணி மாத்துறது?

ராத்திரி_ஷிப்ட் | மார்ச் 3, இரவு 9.30

ஜிமெயிலுக்கு டூ ஸ்டெப் போட்டிருக்கீங்களா? ஓடிபி வருதுன்னா பாஸ்வேர்டு லீக் ஆனாலும் எவனும் உள்ள வர முடியாது. அந்த நாலை மட்டும் மாத்திட்டுத் தூங்குங்க.

பழையமோடம் | மார்ச் 3, இரவு 10.05

மாடிவீடு, அந்த நாலுல எதையும் இப்பத் தொடாதீங்க. முதல்ல ஜிமெயில்.

மத்த எல்லாத்துலயும் "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு அழுத்தினா லிங்க் வர்ற இடம் அந்த இன்பாக்ஸ்தான். அதுக்குள்ள ஏற்கனவே ஒருத்தன் இருந்தான்னா, நீங்க மளிகை ஆப்ல புதுசா வெக்கிறதை அவன் ஒரு நிமிஷத்துல ரீசெட் பண்ணிட்டுப் போவான். நீங்க மாத்தினீங்கன்னு சொல்ற மெயிலையும் உங்களுக்கு முன்னாடி அவனே படிப்பான்.

Collection #1 ஒரு தளமே இல்ல. 2019 ஜனவரில வெளிவந்த ஒரு மூட்டை அது. பல பழைய லீக்ல இருந்து மெயில்-பாஸ்வேர்டு ஜோடிகளைப் பொறுக்கிச் சேர்த்தது, 77 கோடிக்கும் மேல மெயில் ஐடி. அங்க போய் மாத்த ஒண்ணும் கிடையாது. அப்பாவோட ஏதோ ஒரு பழைய பாஸ்வேர்டு அவர் மெயில் ஐடியோட சேர்ந்து சுத்திட்டு இருக்குன்னு வெச்சுக்கணும். இந்த ஜோடிகளை எடுத்து நூறு தளத்துல தானா லாகின் பண்ணிப் பார்க்கிற புரோகிராம் ஓடிக்கிட்டே இருக்கும். கடைசி நம்பரை மாத்திப் பார்க்கவும் அதுக்குத் தெரியும், அதனால அப்பாவோட டெக்னிக் எடுபடாது.

ஒரு கேள்வி. அந்த நாலுக்கும் கீழ என்னென்ன விவரம் போச்சுன்னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல Passwords எதுஎதுல இருக்கு?

கோமதி_தி | மார்ச் 4, காலை 6.50

என் மெயிலும் அதுல வருது. அந்த சைட்டுல இருந்து என் பேரை எப்படி எடுக்கிறது? யாருக்கு எழுதிப் போடணும்?

வெட்டிப்பேச்சு | மார்ச் 4, காலை 7.15

அக்கா, ரேஷன் கார்டுல பேர் நீக்கலா இது.

பழையமோடம் | மார்ச் 4, காலை 8.20

கோமதி, தேடினா உங்க ஐடி காட்டாத மாதிரி பண்ண அந்தத் தளத்துலயே Opt-out இருக்கு. ஆனா அது தேடல்ல மறைக்கும், அவ்வளவுதான். திருட்டு ஃபைல் எவன் எவன்கிட்ட இருக்கோ அங்கல்லாம் அப்படியேதான் கிடக்கும். அதோட, அந்தத் தளம் லீக் பண்ணினதில்ல. டிராய் ஹண்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 2013 கடைசில ஆரம்பிச்சது, வெளிய வந்த ஃபைல்ல நம்ம ஐடி இருக்கான்னு சொல்றதோட சரி.

ராத்திரி_ஷிப்ட் சொன்னதுல பாதி சரி. பாஸ்வேர்டை மட்டும் வெச்சுக்கிட்டு வர்றவனை டூ ஸ்டெப் நிறுத்தும். ஏற்கனவே லாகின் ஆகிக் கிடக்கிற கம்ப்யூட்டர்ல ஓடிபி கேக்கவே கேக்காது.

மாடிவீடு | மார்ச் 4, இரவு 8.40

பார்த்தேன். மளிகை ஆப்ல பாஸ்வேர்டு, போன், வீட்டு அட்ரஸ், பிறந்த தேதி எல்லாம் போயிருக்கு. டிசைன் தளத்துல பாஸ்வேர்டு போயிருக்கு. வேலைத் தளத்துல பாஸ்வேர்டு இல்ல, பேர், போன், வேலை விவரம் மட்டும். ஆனா தேதி குழப்புது. லீக் ஆன தேதி ஒண்ணு, சேர்த்த தேதி வேற ஒண்ணு, நடுவுல மாசக்கணக்கில இடைவெளி. எதைப் பார்க்கணும்?

பழையமோடம் | மார்ச் 4, இரவு 9.25

லீக் ஆன தேதியைப் பாருங்க. அந்தத் தேதிக்கு அப்புறம் அந்த பாஸ்வேர்டை எல்லா இடத்துலயும் மாத்தியிருந்தா பிரச்சனை முடிஞ்சது. மாத்தலைன்னா அன்னிலேர்ந்து திறந்துதான் கிடக்கு. சேர்த்த தேதி, ஃபைல் அவங்க கைக்கு என்னிக்கு வந்ததுங்கிறது.

இடைவெளி வருஷக்கணக்காவும் போகும். லிங்க்ட்இன் லீக் ஆனது 2012. அப்ப வெளிய தெரிஞ்சது 65 லட்சம் ஹேஷ்தான், அதாவது பாஸ்வேர்டை உருமாத்தி வெச்ச எழுத்துக் கோர்வை. முழு ஃபைல், 16 கோடி மெயில் ஐடியோட, விற்பனைக்கு வந்தது 2016 மே மாசம். பாஸ்வேர்டோட சால்ட்னு ஒரு தற்செயல் எழுத்துக் கோர்வையைச் சேர்க்காம போட்ட SHA-1 ஹேஷ், உடைக்கிறது ரொம்ப சுலபம். அடுத்த மாசமே மார்க் ஸக்கர்பர்க்கோட ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்கு ரெண்டையும் ஒரு கும்பல் பிடிச்சு, லிங்க்ட்இன் ஃபைல்ல இருந்துதான் எடுத்தோம்னு சொல்லிச்சு. நாலு வருஷம் பழசான பாஸ்வேர்டு.

வேலைத் தளத்துல மாத்த அவசரமே இல்ல. அங்கிருந்து போனது போன் நம்பரும் வேலை விவரமும். அதை வெச்சு "சார், உங்க ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆயிருக்கு, பதிவுக் கட்டணம் கட்டுங்க"ன்னு கால் வரும். அதை எந்த பாஸ்வேர்டு மாத்தியும் தடுக்க முடியாது, அப்பாகிட்ட சொல்லித்தான் வைக்கணும்.

தஞ்சை_குமார் | மார்ச் 4, இரவு 10.10

அந்தத் தளத்துல வரலைன்னா லீக் ஆகலைன்னு அர்த்தமா? என்னோட யாஹூ ஐடி பச்சையா வருது, நிம்மதியா இருந்துடலாமா?

பழையமோடம் | மார்ச் 4, இரவு 10.30

யாஹூன்னா நிம்மதி வேண்டாம். 2013ல நடந்த திருட்டுல அன்னிக்கு இருந்த அத்தனை கணக்கும், 300 கோடி, போச்சுன்னு 2017ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அந்த ஃபைல் பொதுவுல வரல, அதனால தேடினா காட்டாது. கையில கிடைச்சதைத்தான் அவர் ஏத்த முடியும். இன்னொண்ணு, வெளிய தெரிஞ்சா மானம் போற மாதிரியான தளங்களோட லீக் பொதுத் தேடல்ல வராது. அந்த மெயிலுக்கு லிங்க் அனுப்பி, உங்க மெயில்தான்னு உறுதி பண்ணினாத்தான் காட்டும்.

ராத்திரி_ஷிப்ட் | மார்ச் 5, காலை 2.15

அதே தளத்துல பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கவும் ஒரு பக்கம் இருக்கு. லீக் ஆனதான்னு சொல்லும்னு அங்க போய் நம்ம பாஸ்வேர்டை டைப் அடிக்கிறது என்ன புத்திசாலித்தனம்? அவனே எடுத்துக்க மாட்டானா?

பழையமோடம் | மார்ச் 5, காலை 8.00

சந்தேகம் நியாயம். அது வேலை செய்ற விதத்தைப் பாருங்க. பாஸ்வேர்டு நம்ம பிரவுசர்லயே SHA-1 ஆகுது, 40 எழுத்து. அதுல முதல் 5 எழுத்து மட்டும்தான் வெளிய போகும். அந்த 5-ல ஆரம்பிக்கிற எல்லா லீக் ஹேஷோட மீதி 35 எழுத்தும் பட்டியலா திரும்பி வரும், நூற்றுக்கணக்குல. நம்மளோடது அதுல இருக்கான்னு பார்க்கிறது நம்ம மெஷின்தான். பக்கத்தை நம்பலைன்னா லினக்ஸ் டெர்மினல்ல கையாலயே பண்ணலாம்:

```
printf '%s' 'password' | sha1sum
5baa61e4c9b93f3f0682250b6cf8331b7ee68fd8  -
```

இப்ப `https://api.pwnedpasswords.com/range/5BAA6` திறந்து, 1E4C9-னு ஆரம்பிக்கிற வரியைத் தேடுங்க. பக்கத்துல இருக்கிற எண், அது எத்தனை தடவை லீக்ல வந்திருக்குங்கிறது.

வெட்டிப்பேச்சு | மார்ச் 5, காலை 8.45

மோடம் சார், உங்க கமாண்டை அப்படியே காப்பி பண்ணி, password இருக்கிற இடத்துல சொந்த பாஸ்வேர்டை அடிச்சா அது ஷெல் ஹிஸ்டரில, அதாவது அடிச்ச கமாண்டெல்லாம் சேவ் ஆகுற ஃபைல்ல போய் உக்காந்துக்கும். இப்படிப் பண்ணுங்க:

```
read -rs p; printf '%s' "$p" | sha1sum; unset p
```

கிண்டல் மட்டும்தான் பண்ணுவேன்னு நினைச்சீங்களா.

பழையமோடம் | மார்ச் 5, காலை 9.02

சரியான பாயிண்ட். அதையே பயன்படுத்துங்க.

மாடிவீடு | மார்ச் 5, இரவு 9.50

அப்பா பாஸ்வேர்டைப் போட்டேன், பட்டியல்ல இருக்கு. கடைசி நம்பரை மாத்தினதும் இருக்கு.

ஜிமெயிலுக்குப் போனேன். myaccount.google.com-ல Security பக்கத்துல Your devices பார்த்தா அப்பா போன், என் லேப்டாப், அப்புறம் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர். எங்க வீட்டுல வேற கம்ப்யூட்டரே கிடையாது. கை நடுங்கிடுச்சு. அப்பாவைக் கேட்டா சாவகாசமா சொல்றார், "அது ஜெராக்ஸ் கடைப்பா. பென்ஷன் பேப்பரை மெயில்ல இருந்து பிரிண்ட் எடுத்தேன். அந்தப் பையன் நல்ல பையன்." எத்தனை மாசமா திறந்து கிடக்கோ.

ரெக்கவரி போன் நம்பர் அம்மாவோட பழைய சிம். ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டோம். ரெக்கவரி மெயில் அப்பாவோட யாஹூ. அந்த யாஹூவுக்கு ரெக்கவரி மெயில் இதே ஜிமெயில்.

வெட்டிப்பேச்சு | மார்ச் 5, இரவு 9.58

மச்சான் பணத்துக்கு மாமா ஜாமீன், மாமா பணத்துக்கு மச்சான் ஜாமீன்.

தஞ்சை_குமார் | மார்ச் 5, இரவு 10.20

அந்தப் பழைய சிம்மை முதல்ல பாருங்க. என் பொண்டாட்டியோட பழைய நம்பர் கட் ஆகி, கொஞ்ச நாள்ல வேற யாருக்கோ போயிடுச்சு. பேஸ்புக்ல அந்த நம்பர் அப்படியே இருந்தது. புதுசா சிம் வாங்கினவர் தன் நம்பர்ல கணக்கு ஆரம்பிக்கப் போனா, இவ கணக்கு திறந்திருக்கு. அவர் திருடன் இல்ல, பாவம், அவரே கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் அப்படிக் கூப்பிட்டுச் சொல்வாங்களா?

பழையமோடம் | மார்ச் 5, இரவு 11.10

குமார் சொன்னது நம்ம நாட்டுல நடக்கிறதுதான். கட் ஆன நம்பரை 90 நாள் வரைக்கும் வேற ஆளுக்குத் தரக்கூடாதுன்னு விதி. அதுக்கப்புறம் தரலாம், தர்றாங்க.

மாடிவீடு, இந்த வரிசையில போங்க. முதல்ல Your devices-ல அந்த ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரை சைன் அவுட் பண்ணுங்க. அப்புறம் ரெக்கவரி போனை அப்பாவோட இப்ப இருக்கிற நம்பருக்கு மாத்துங்க, யாஹூவை எடுத்துட்டு உங்க மெயிலைப் போடுங்க. அதுக்கு அப்புறம்தான் பாஸ்வேர்டு. இதை எல்லாம் அப்பா போன்லயே பண்ணுங்க. புது மெஷின்ல இருந்து பண்ணினா கூகுள் சந்தேகப்பட்டு, நீங்க நீங்கதானான்னு கேட்கும். கேட்டு கோடு அனுப்புறது அந்தச் செத்த நம்பருக்கா இருந்தா அங்கயே மாட்டிக்குவீங்க.

ஒரு எச்சரிக்கை. ரெக்கவரி நம்பரை மாத்தினாலும் 7 நாள் வரைக்கும் பழைய நம்பருக்கே கோடு அனுப்பட்டுமான்னு கூகுள் கேட்கலாம். திருடன் நம்பரை மாத்திட்டா உண்மையான ஆள் தப்பிக்கிறதுக்காக வெச்சது அது. உங்க விஷயத்துல அது தலைகீழா வேலை செய்யும். அதனால டூ ஸ்டெப்பை அன்னிக்கே போட்டு, பேக்கப் கோடு எடுத்து எழுதி வெச்சுக்கோங்க.

பாஸ்வேர்டை மாத்தினா மத்த இடத்துல எல்லாம் லாகின் வெளிய வந்துடும். ஆனா நீங்க அனுமதி குடுத்த வெளி ஆப்கள் சிலது அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைத் தனியா எடுக்கணும். அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸ்ல Forwarding and POP/IMAP, Filters and Blocked Addresses ரெண்டையும் கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. உள்ள வந்தவன் பேங்க் மெயிலைத் தனக்கு ஃபார்வர்டு பண்ணி, இன்பாக்ஸ்ல காட்டாத மாதிரி ஃபில்டர் போட்டுட்டுப் போவான். பாஸ்வேர்டை மாத்தினா அந்த ஃபில்டர் போகாது.

ராத்திரி_ஷிப்ட் | மார்ச் 6, காலை 1.40

யாஹூவை எடுக்கணும்னு ஏன் சொல்றீங்க? யாஹூ பாஸ்வேர்டை முதல்ல மாத்திட்டு அப்படியே வெச்சுக்கலாமே. ரெக்கவரின்னு ரெண்டு இடம் இருந்தா நல்லதுதான?

பழையமோடம் | மார்ச் 6, காலை 8.10

தினமும் திறக்கிற மெயிலா இருந்தா வெச்சுக்கலாம். அப்பா எப்ப கடைசியா திறந்தார்? யாரும் பார்க்காத ரெக்கவரி மெயில், எவன் பூந்தாலும் தெரியாது.

ராத்திரி_ஷிப்ட் | மார்ச் 6, காலை 8.30

போன் தொலைஞ்சு போய் மகனும் ஊர்ல இல்லைன்னா? எனக்கு ஒத்துவரல. நான் வெச்சுக்குவேன்.

மாடிவீடு | மார்ச் 6, இரவு 9.15

எல்லாம் சொன்ன வரிசைலயே பண்ணியாச்சு. ஃபில்டர், ஃபார்வர்டு ரெண்டும் காலி. யாஹூவை எடுத்துட்டேன், ஷிப்ட் அண்ணே மன்னிக்கணும்.

இன்னிக்கு ஜெராக்ஸ் கடைக்கே போனேன். அந்தக் கம்ப்யூட்டர் குரோம்ல அப்பா பேரு மேல இருக்கு. ஜிமெயில் மட்டும் இல்ல, குரோம்லயே லாகின் பண்ணி சிங்க் ஆன் ஆகியிருக்கு. சேவ் ஆன பாஸ்வேர்டு எல்லாம் அங்கயும் வந்திருக்கு. ஐஆர்சிடிசி, மின்வாரியம், எல்ஐசி. பையன்கிட்ட சொல்லி அந்த ப்ரொஃபைலையே அழிச்சேன். அதே ஓரத்துல இன்னும் ஏழெட்டுப் பேரோட ப்ரொஃபைல் வரிசையா நிக்குது, முகப் படத்தோட.

பழையமோடம் | மார்ச் 6, இரவு 10.00

நேர்ல போனது நல்லது. தூரத்துல இருந்து சைன் அவுட் பண்ணினா சிங்க் நிக்கும், அந்த மெஷின்ல ஏற்கனவே இறங்கினது அங்கயே தங்கிடலாம்.

இதனால வரிசை கொஞ்சம் மாறுது. லீக் ஆன நாலைவிட, அந்தக் குரோம்ல சேவ் ஆகியிருந்ததுதான் இப்ப அவசரம். பொது கம்ப்யூட்டர்ல திருட்டு சாஃப்ட்வேர், கிராக் போட்ட போட்டோஷாப் எல்லாம் இருக்கும். அதோட சேர்ந்து வர்ற பாஸ்வேர்டு திருடுற புரோகிராம், பிரவுசர்ல சேவ் பண்ணினதை ஒரேயடியா அள்ளிட்டுப் போகும், ஏற்கனவே லாகின் ஆனதுக்கு அடையாளமா பிரவுசர் வெச்சிருக்கிற குக்கியையும் சேர்த்து. குக்கி போச்சுன்னா ஓடிபி கேக்காமலே உள்ள வரலாம். passwords.google.com திறந்து முழுப் பட்டியலையும் பாருங்க. பணம் சம்பந்தப்பட்டதுல ஆரம்பிங்க, அப்புறம் அடையாள விவரம் இருக்கிறது, மத்ததெல்லாம் மெதுவா.

மாடிவீடு | மார்ச் 6, இரவு 10.25

நெட் பேங்கிங் அப்பா வெச்சுக்கல, யூபிஐ மட்டும்தான். யூபிஐ பின் நம்பர் அவர் பிறந்த வருஷம். மளிகை ஆப்ல பிறந்த தேதி போயிருக்கே, மாத்தணுமா?

ராத்திரி_ஷிப்ட் | மார்ச் 6, இரவு 11.05

தேவையில்ல. யூபிஐ அந்த சிம் இருக்கிற போன்லதான் ஓடும். பின் தெரிஞ்சு எவன் என்ன பண்ணுவான்?

தஞ்சை_குமார் | மார்ச் 7, காலை 6.40

போனே திருடு போனா? பஸ்ல போன் அடிக்கிறவன் முதல்ல போட்டுப் பார்க்கிறதே பிறந்த வருஷமும் 1234-ம்தான்.

பழையமோடம் | மார்ச் 7, காலை 8.15

இதுல ஷிப்ட் சொல்றது சரி, குமார் சொல்றதும் சரி. லீக்கால வந்த ஆபத்து இல்ல, ஆனா மாத்த ஒரு நிமிஷம்தான் ஆகும். மாத்திடுங்க.

மாடிவீடு | மார்ச் 9, மாலை 6.30

ஐஆர்சிடிசி, எல்ஐசி, மின்வாரியம் மூணும் மாத்தியாச்சு, மூணும் வேற வேற. அப்பா தலையில நிக்காதுன்னு டைரில எழுதச் சொன்னேன். பீரோல, நகைப் பெட்டி பக்கத்துல இருக்கு டைரி.

கடைசியா அந்த நாலுக்கு வந்தேன். சிரிப்பா இருந்தது. மளிகை ஆப்ல இப்ப பாஸ்வேர்டே இல்ல, போன் நம்பருக்கு வர்ற ஓடிபிலதான் லாகின். லீக் ஆன இடத்துல மாத்த ஒண்ணுமே இல்ல. சேவ் பண்ணின பழைய வீட்டு அட்ரஸை மட்டும் அழிச்சேன். டிசைன் தளத்துல தங்கச்சி கூகுள் பட்டன் அமுக்கி உள்ள போவா, ஆனா பழைய பாஸ்வேர்டும் ஒண்ணு உள்ள இருந்தது, அதையும் மாத்தியாச்சு. வேலைத் தளக் கணக்கையே மூடிட்டேன், அப்பா ரிட்டயர் ஆகி வருஷம் ஆச்சு.

வெட்டிப்பேச்சு | மார்ச் 9, மாலை 6.55

டைரி ஓகே. இன்டர்நெட் வழியா பீரோவைத் திறக்க இன்னும் எவனும் கண்டுபிடிக்கல. பேக்கப் கோடையும் அதுலயே எழுதி வெச்சுடுங்க.

பழையமோடம் | மார்ச் 9, இரவு 9.20

மறந்து போன கணக்குகள் இன்னும் இருக்கும். அப்பா இன்பாக்ஸ்ல `verify your email`, `welcome to` ரெண்டையும் போட்டுத் தேடுங்க. எங்கெங்க அந்த பாஸ்வேர்டு கிடக்குன்னு அதுல தெரியும். எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்க வேண்டாம். அந்த லீக் தளத்துல Notify me-ல அப்பா ஐடியைப் பதிஞ்சு வெச்சா, அடுத்த தடவை எங்கயாவது வந்தா மெயில் வரும்.

கோமதி_தி | மார்ச் 10, காலை 7.05

இதெல்லாம் படிச்சேன். என் ஜிமெயில் Your devices-ல எனக்குத் தெரியாத போன் ஒண்ணு காட்டுது. மாடல் பேரு மட்டும்தான் இருக்கு, கடைசியா பயன்படுத்தினது நேத்து. மகன் பழைய போனை வித்தான், அதுவா இருக்குமா? சைன் அவுட் அழுத்தினா வாங்கினவருக்குத் தெரியுமா?

தஞ்சை_குமார் | மார்ச் 10, காலை 7.20

தெரிஞ்சா தெரியட்டும். அழுத்துங்க முதல்ல.